சீனன்குடாவில் ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம்: சம்பள அளவுத்திட்டத்தை அமைப்பதும் வித்தியாசத்தை விளக்குவதும்

திருகோணமலை உள்துறைமுகத்தைச் சுற்றி வரும் வீதியில் சில கிலோமீற்றர் தூரத்துக்குள் நான்கு வகையான முதலாளிகளைப் பார்க்கலாம். துறைமுக அதிகார சபை அரச நிறுவனம். மா ஆலை சிங்கப்பூரில் தொடங்கிய ஒரு குழுமத்தினுடையது. சீமெந்துத் தொழிற்சாலை கொழும்புப் பங்குச் சந்தையில் பதிவான உள்நாட்டுக் கம்பனிக்குச் சொந்தமானது. எண்ணெய்க் குதங்கள் 99. 2022 ஜனவரியில் கைச்சாத்தான உடன்படிக்கையின்படி அவற்றில் 14 லங்கா ஐஓசியிடமும் 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும் இருக்கின்றன. மிகுதி 61 இந்த இரண்டும் சேர்ந்து அமைத்த, கூட்டுத்தாபனம் 51 வீதமும் ஐஓசி 49 வீதமும் வைத்திருக்கும் கம்பனியிடம் இருக்கின்றன. இவற்றுக்குப் பக்கத்தில் லொறிக் கம்பனிகள், களஞ்சியங்கள், சுங்கப் பத்திர வேலை செய்யும் சிறு அலுவலகங்கள், மேன்பவர் முகவர்கள் என்று வேறொரு வரிசையும் உண்டு.

வேலை செய்பவர்களோ ஒரே ஊர்களைச் சேர்ந்தவர்கள். கிண்ணியாவிலிருந்தும் உப்புவெளியிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருகிறார்கள், ஒரே பஸ்ஸில் ஏறுகிறார்கள், ஒரே தேநீர்க் கடையில் நிற்கிறார்கள். "உனக்கு எவ்வளவு?" என்ற கேள்விக்கு இங்கே பதில் கிடைக்க அரை நாள் போதும். சம்பளத்தை இரகசியமாக வைத்திருப்பதாக நினைக்கும் முதலாளி உண்மையில் காரணத்தை மட்டுமே இரகசியமாக வைத்திருக்கிறார். தொகை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஏன் அந்தத் தொகை என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

அந்தக் காரணத்தை எப்படி உருவாக்குவது, எப்படிச் சொல்வது என்பதே இந்தக் கட்டுரை. கடந்த இரண்டு ஆண்டுகளில் இது அவசரமான விடயமாகிவிட்டது. காரணம் குறைந்தபட்சச் சம்பளம்.

அரச சம்பளச் சுற்றறிக்கை சொல்லித்தரும் பாடம்

சம்பள அளவுத்திட்டம் நமக்குப் புதிதல்ல. அரச வேலையில் இருக்கும் எவரின் நியமனக் கடிதத்திலும் அது ஒரே வரியில் இருக்கும். 2016ஆம் ஆண்டின் பொது நிர்வாகச் சுற்றறிக்கை 03/2016இல் ஆரம்ப நிலை ஊழியருக்கான பிஎல் 1 அளவுத்திட்டம் இப்படி எழுதப்பட்டிருந்தது:

24,250 – 10×250 – 10×270 – 10×300 – 12×330 – 36,410

முதல் எண் தொடக்கச் சம்பளம். அதன்பின் பத்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 250 ரூபா சம்பள ஏற்றம், அடுத்த பத்து ஆண்டுகளுக்கு 270, பிறகு பத்து ஆண்டுகளுக்கு 300, கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு 330. இறுதி எண் உச்சம். அதைத் தாண்ட வேண்டுமானால் பதவி மாற வேண்டும்.

அதே சுற்றறிக்கையில் முகாமைத்துவ உதவியாளர் இருக்கும் எம்என் 2 அளவுத்திட்டம் 28,940இல் தொடங்கி 47,990இல் முடிந்தது. இனி ஒரு கணக்குப் பார்ப்போம். பிஎல் 1இல் உள்ள அலுவலகப் பணியாளர் ஒருவர் இருபது சம்பள ஏற்றங்களைப் பெற்றிருந்தால் அவருடைய அடிப்படைச் சம்பளம் 29,450. அன்று புதிதாகச் சேர்ந்த முகாமைத்துவ உதவியாளரைவிட 510 ரூபா கூட. பதவியில் கீழே உள்ளவர் சம்பளத்தில் மேலே நிற்கிறார். ஆனாலும் இதற்காக அலுவலகத்தில் சண்டை வருவதில்லை. இருபது ஆண்டுச் சேவைக்கு ஒரு விலை உண்டு என்பதும், உதவியாளர் காலப்போக்கில் தன்னைத் தாண்டிப் போவார் என்பதும் இருவருக்கும் அச்சிட்ட தாளில் தெரியும்.

இங்கே பார்க்க வேண்டியது அளவுத்திட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படிந்திருப்பதை. இது பிழையல்ல, வேண்டுமென்றே செய்யப்படுவது. படிவு இல்லாவிட்டால் அனுபவம் வாய்ந்த கீழ்நிலை ஊழியரைப் புதிய மேல்நிலை ஊழியர் எப்போதும் முந்திவிடுவார். படிவு மிகக் கூடினால் பதவி உயர்வுக்கு அர்த்தமில்லாமல் போகும்.

அரச முறையின் பலவீனமும் நமக்குத் தெரிந்ததே. ஆசிரியர், அதிபர் சம்பள முரண்பாட்டின் தொடக்கமாகத் தொழிற்சங்கங்கள் காட்டியது 1997ஆம் ஆண்டின் சம்பள ஆணைக்குழுக் காலத்தை. ஒப்பிடத்தக்க மற்றச் சேவைகள் மேலே நகர்ந்தபோது தாங்கள் பின்தங்கிவிட்டோம் என்பதே அவர்களின் முறைப்பாடு. அது 2021 ஜூலையில் இணையவழிக் கற்பித்தலிலிருந்து ஆசிரியர்கள் விலகும் அளவுக்கு வந்தது. ஒக்டோபர் பிற்பகுதியில்தான் அவர்கள் பாடசாலைக்குத் திரும்பினார்கள். ஒரு தரத்தின் சம்பளத்தைத் தொடும்போது பக்கத்துத் தரத்தைப் பார்க்காமல் விட்டால், அந்தப் பிழைக்கு இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

தரை உயர்ந்தபோது என்ன நடந்தது

தனியார் துறையில் பெரும்பாலான சிறு நிறுவனங்களுக்கு அளவுத்திட்டம் கிடையாது. சேரும் நாளில் பேசிய தொகை, அதன்மேல் ஆண்டுதோறும் முதலாளி மனம்போல் போடும் ஏற்றம், அவ்வளவுதான். பல காலம் இது எப்படியோ ஓடியது. 2025 ஏப்ரலில் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாவானது, 2026 ஜனவரியில் 30,000 ஆனது. அதற்கு முன்னர் 17,500 ரூபாவும் வரவு செலவுத் திட்ட நிவாரணப் படி 3,500 ரூபாவும் சேர்ந்து 21,000ஆக இருந்தது.

கணக்குக்காக ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்வோம். சீனன்குடாப் பக்கம் களஞ்சியமும் லொறிகளும் வைத்திருக்கும், நாற்பது பேர் வேலை செய்யும் கம்பனி. 2019இன் தொடக்கத்தில் சேர்ந்த ஒரு உதவியாளுக்கு எல்லாமாக 20,000. ஆண்டுக்கு 700 வீதம் ஆறு ஏற்றங்கள். 2025 ஜனவரியில் அவர் வாங்கியது 24,200. அன்று புதிதாகச் சேர்ந்தவருக்கு 21,000. ஆறு ஆண்டு அனுபவத்துக்கு 3,200 ரூபா வித்தியாசம் இருந்தது.

ஏப்ரலில் சட்டப்படி இருவருக்கும் 27,000. அடுத்த ஜனவரியில் இருவருக்கும் 30,000. பழையவருக்கு ஒரே ஆண்டில் 5,800 ரூபா கூடியிருக்கிறது, ஆனாலும் அவர் சந்தோஷமாக இல்லை. அவர் தன் பழைய சம்பளத்தோடு ஒப்பிடவில்லை, நேற்று வந்து, தன்னிடம் வேலை பழகிக்கொண்டிருக்கும் பொடியனோடு ஒப்பிடுகிறார். முதலாளி சட்டத்தை மீறவில்லை. ஆனால் ஏழு ஆண்டுச் சேவைக்கு இந்தக் கம்பனியில் பெறுமதி பூச்சியம் என்பதை அவருடைய சம்பளச் சீட்டு சொல்கிறது.

இப்படி அடியிலிருந்து தரை உயர்ந்து மேலே உள்ளவர்களோடு ஒட்டிப்போவதுதான் சம்பள நெருக்கம். உங்கள் நிறுவனத்தில் இது இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது சுலபம். ஒவ்வொரு வேலைக்கும் ஊழியர்களைச் சேவைக்கால வரிசையில் எழுதி, பக்கத்தில் அடிப்படைச் சம்பளத்தைப் போடுங்கள். பட்டியலில் ஒரே தொகை வரிசையாக வந்தால் நெருக்கம். கீழே போகப்போகத் தொகை கூடினால், அதாவது புதியவர் பழையவரைவிட அதிகம் வாங்கினால், அது தலைகீழ். முதலாவது ஊழியரைச் சோர்வாக்கும், இரண்டாவது அவரை வேறு இடம் தேட வைக்கும்.

முதல் படி: ஆளை மறந்து வேலையை நிறுத்தல்

அளவுத்திட்டம் அமைக்கும்போது பலர் செய்யும் பிழை, இப்போது யாருக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதிலிருந்து தொடங்குவது. அப்படிச் செய்தால் பழைய அநியாயத்துக்குத்தான் புதுப் பெயர் வைப்போம். முதலில் வேலையை அளக்க வேண்டும். வேலை செய்பவரின் பெயரைத் தாளில் எழுதக்கூடாது.

நம் கற்பனைக் கம்பனி நான்கு அளவுகோல்களை வைக்கிறது: அறிவும் பயிற்சியும் 40 புள்ளி, பொறுப்பு 30, உடல் சிரமமும் ஆபத்தும் 15, வெளியாருடன் பேசி முடிவெடுத்தல் 15. முகாமையாளர், கணக்காளர், களஞ்சியத்தில் நீண்டகாலம் வேலை செய்த ஒருவர் ஆகிய மூவரும் தனித்தனியாகப் புள்ளி போட்டு, பிறகு கூடிப் பேசி ஒன்றுக்கு வருகிறார்கள். கிடைத்த முடிவு இது:

- உதவியாள்: 8 + 5 + 12 + 2 = 27
- ஃபோர்க்லிஃப்ட் சாரதி: 16 + 12 + 12 + 4 = 44
- களஞ்சிய எழுதுவினைஞர்: 20 + 14 + 4 + 8 = 46
- கணக்கு உதவியாளர்: 26 + 16 + 2 + 8 = 52
- துறைமுக எழுதுவினைஞர்: 22 + 18 + 7 + 12 = 59
- மேற்பார்வையாளர்: 26 + 24 + 7 + 13 = 70

இதில் இரண்டு விடயங்கள் உடனே கண்ணில் படும். அலுவலகத்தில் அமர்ந்திருப்பவரும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கிறார்கள். மேசை வேலைக்கு எப்போதும் கூடுதல் மதிப்பு என்ற நம் பழக்கத்தை அளவுகோல் கேள்வி கேட்கிறது. அடுத்தது, "எழுதுவினைஞர்" என்ற ஒரே பெயரில் இருக்கும் இரண்டு வேலைகளுக்கு இடையே 13 புள்ளி வித்தியாசம். பின்னால் விளக்கம் கேட்டு வரப்போவது இந்த இடம்தான்.

தரங்களைப் பிரிக்கும் கோட்டைப் புள்ளிகளுக்கு நடுவே இயல்பாக இடைவெளி இருக்கும் இடத்தில் போட வேண்டும். 27க்கும் 44க்கும் இடையே ஒரு இடைவெளி, 52க்கும் 59க்கும் இடையே ஒன்று. ஆகவே 35 வரை முதலாம் தரம், 55 வரை இரண்டாம் தரம், அதற்கு மேல் மூன்றாம் தரம். 45இல் கோட்டைப் போட்டிருந்தால் ஃபோர்க்லிஃப்ட் சாரதியும் களஞ்சிய எழுதுவினைஞரும் இரண்டு புள்ளிக்காக வேறு வேறு தரத்துக்குப் போயிருப்பார்கள். அந்த இரண்டு புள்ளியை எவராலும் நியாயப்படுத்த முடியாது.

இரண்டாம் படி: தரத்துக்குத் தொகை வைத்தல்

ஒவ்வொரு தரத்துக்கும் நடுத்தொகை ஒன்று வேண்டும். வேலையை முழுமையாகத் தெரிந்த ஒருவருக்கு இந்தப் பகுதியில் நியாயமாகக் கொடுக்க வேண்டிய சம்பளம் அது. அதைத் தெரிந்துகொள்ள மூன்று இடங்களைப் பார்க்கலாம்: பக்கத்து நிறுவனங்களின் வேலை விளம்பரங்கள், கடந்த ஆண்டு விலகியவர்கள் எங்கே எவ்வளவுக்குப் போனார்கள் என்ற விபரம், அரச சம்பளம்.

கடைசியாகச் சொன்னதை ஒதுக்க முடியாது. 2025 வரவு செலவுத் திட்டம் அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250இலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தியது. அந்த உயர்வு ஒரே தடவையில் அல்ல, 2027 வரை கட்டங்களாகக் கொடுக்கப்படுகிறது. ஒரு சிறு கம்பனியால் அதே தொகையில் தொடங்க முடியாமலிருக்கலாம். ஆனால் ஊழியர் அந்த எண்ணோடு ஒப்பிடுவார் என்பதை எதிர்பார்த்துத்தான் தொகை வைக்க வேண்டும்.

நம் கம்பனி இப்படி வைக்கிறது. முதலாம் தரம் 32,000இலிருந்து 40,000 வரை, நடுத்தொகை 36,000. இரண்டாம் தரம் 38,000இலிருந்து 50,000 வரை, நடு 44,000. மூன்றாம் தரம் 47,000இலிருந்து 65,000 வரை, நடு 56,000. மேலே போகப்போகத் தரத்தின் அகலம் கூடுகிறது. உதவியாள் வேலையைப் பழகச் சில மாதங்கள் போதும். மேற்பார்வையாளர் தேர்ச்சி பெறப் பல ஆண்டுகள் ஆகும், அந்த வளர்ச்சிக்கு இடம் வேண்டும்.

முதலாம் தரம் சட்டத்தின் தரையான 30,000இல் தொடங்காமல் 32,000இல் தொடங்குவதற்கும் காரணம் உண்டு. தரையோடு ஒட்டித் தொடங்கும் அளவுத்திட்டம் அடுத்த திருத்தத்தோடு உடைந்துவிடும். 2,000 ரூபா இடைவெளி பெரிய பாதுகாப்பல்ல, ஆனால் திட்டத்தைத் திருத்த அவகாசம் தரும். தரை இனி உயரும்போது ஒரு விதியை இப்போதே எழுதிவைப்பது நல்லது: தரை உயரும் தொகையை அடியில் இருப்பவருக்கு மட்டும் கொடுத்து நிறுத்தாமல், முதலாம் தரம் முழுவதையும் அதே தொகையால் நகர்த்துவது, இரண்டாம் தரத்தின் தொடக்கத்தையும் அன்றே மீளப் பார்ப்பது.

மூன்றாம் படி: ஆட்களை இடத்தில் வைத்தல்

முதலாம் தரத்தில் 8,000 ரூபா அகலம். இருபது படிகளாகப் பிரித்தால் ஒரு படிக்கு 400. ஏழு ஆண்டுச் சேவையுள்ள உதவியாளின் இடம் 32,000 + 7×400 = 34,800. புதியவர் 32,000இல். காணாமல்போன வித்தியாசம் திரும்பி வருகிறது.

இதற்கு என்ன செலவாகும்? கம்பனியில் பதினெட்டு உதவியாட்கள், எல்லோரும் இப்போது 30,000இல், சராசரிச் சேவை ஐந்து ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். புதிய சராசரி 34,000. ஒருவருக்கு 4,000 வீதம் மாதம் 72,000 ரூபா. அதன்மேல் முதலாளி செலுத்தும் ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 வீதம், ஆக 10,800. மொத்தம் மாதம் 82,800. சம்பள உயர்வைக் கணக்கிடும்போது இந்த 15 வீதத்தை மறப்பது சிறு நிறுவனங்களில் அடிக்கடி நடக்கும் பிழை. மேலதிக நேரக் கொடுப்பனவும், ஐந்து ஆண்டு முடித்தவர்களின் பணிக்கொடையும் அடிப்படைச் சம்பளத்தோடு சேர்ந்து உயரும்.

அந்தத் தொகை ஒரே தடவையில் முடியாவிட்டால் அரசாங்கம் செய்ததுபோல் கட்டமாகச் செய்யலாம். முதற்கட்டத்தில் எல்லோரையும் 32,000க்குக் கொண்டுவந்து, சேவைக்கு ஆண்டுக்கு 200 வீதம் சேர்த்தால் மாதச் செலவு 62,100. மிகுதி அடுத்த ஆண்டு. ஆனால் இரண்டாம் கட்டத்தின் திகதியைக் கடிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். திகதி இல்லாத வாக்குறுதியை ஊழியர்கள் நம்பமாட்டார்கள், நம்பவும் தேவையில்லை.

இதைக் குறைந்த செலவில் முடிக்க ஒரு குறுக்குவழி பலருக்குத் தோன்றும்: அடிப்படைச் சம்பளத்தைத் தொடாமல் "விசேட கொடுப்பனவு" என்று ஒன்றைப் போடுவது. அது இரண்டு வகையில் திரும்பி வரும். சேமலாப நிதிக்கான உழைப்புத் தொகையில் எது சேரும் என்பதைக் கொடுப்பனவின் பெயர் தீர்மானிப்பதில்லை, வாழ்க்கைச் செலவுப் படியும் உணவுப் படியும்கூட அதில் அடங்கும். அதைவிட, ஆளுக்கொரு கொடுப்பனவு தொடங்கினால் மூன்று ஆண்டில் யாருக்கு எது ஏன் கிடைக்கிறது என்று சம்பளப் பிரிவுக்கே தெரியாமல் போகும். இரவு முறை, ஆபத்தான சரக்கு போன்று அந்த நிலைமை இருக்கும்போது மட்டும் கொடுத்து, இல்லாதபோது நிறுத்தக்கூடியதே கொடுப்பனவாக இருக்க வேண்டும்.

விளக்கம் ஒன்று: பெயர் ஒன்று, வேலை வேறு

இனி ஊழியர் கேட்டு வரும் நேரம். முதலில் களஞ்சிய எழுதுவினைஞர் வருகிறார். "சேர், நானும் கிளார்க், அவரும் கிளார்க். அவருக்கு மூன்றாம் தரம், எனக்கு இரண்டாம் தரம். என்ன வித்தியாசம்?"

"அவர் உங்களைவிட நன்றாக வேலை செய்கிறார்" என்பதுதான் முகாமையாளரின் வாயில் முதலில் வரும் பதில். அது பிழை, அது உண்மையும் அல்ல. தரம் வேலைக்குத்தான், ஆளுக்கல்ல. சரியான பதில் புள்ளித் தாளைத் திறந்து வைப்பது. 13 புள்ளியில் அறிவுக்கு 2, பொறுப்புக்கு 4, சிரமத்துக்கு 3, வெளித்தொடர்புக்கு 4. துறைமுக எழுதுவினைஞர் தயாரிக்கும் சுங்கப் பத்திரத்தில் பிழை வந்தால் சரக்கு துறைமுகத்தில் தங்கி, தாமதக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும். கப்பல் இரவில் வந்தால் அவர் இரவில் போக வேண்டும். சுங்க அதிகாரி, கப்பல் முகவர், லொறிச் சாரதி மூவருடனும் அந்த இடத்திலேயே பேசி முடிவெடுக்க வேண்டும். களஞ்சியத்தில் ஒரு பதிவு பிழைத்தால் அடுத்த எண்ணிக்கையில் திருத்திக்கொள்ளலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "தங்கச்சி, உங்கட வேலையில நாங்கள் எழுதாமல் விட்டது ஏதும் இருக்கா?" இது மரியாதைக்காகக் கேட்பதல்ல. கடந்த ஓராண்டாக இரவுக் கப்பல்களுக்கு அவரும் போய்வருகிறார் என்று தெரியவந்தால், வேலை மாறிவிட்டது, தாள் மாறவில்லை. அப்போது விளக்கத்தை நிறுத்திவிட்டுப் புள்ளியை மீளப் போட வேண்டும். அடுத்து அவருக்குச் சொல்ல வேண்டியது, மூன்றாம் தரத்துக்குப் போக எந்தப் பயிற்சி, எந்த வேலை, எப்போது இடம் காலியாகலாம் என்பது. வழி இல்லையென்றால் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

விளக்கம் இரண்டு: ஒரே வேலை, வேறு சம்பளம்

இது கடினமானது. இரண்டு களஞ்சிய எழுதுவினைஞர்கள். ஒருவர் 2018இல் சேர்ந்த பெண், எட்டு ஆண்டுச் சேவை, இப்போது 41,500. மற்றவர் 2023இல் கொழும்பிலிருந்து வந்த ஆண், மூன்று ஆண்டுச் சேவை, இப்போது 45,000. நடுத்தொகை 44,000. அதனோடு வகுத்துப் பார்த்தால் அவர் 0.94, இவர் 1.02.

இரண்டாம் தரத்தில் ஒரு படி 600 ரூபா. வெளி அனுபவத்தில் பாதியைக் கணக்கில் எடுப்பது என்று கம்பனி விதி வைக்கிறது. ஆணுக்கு வெளியில் நான்கு ஆண்டு, ஆகவே இரண்டு படி. விதிப்படி பெண்ணின் இடம் 38,000 + 8×600 = 42,800. ஆணின் இடம் 38,000 + 5×600 = 41,000. நடப்பு அதற்கு நேரெதிர். அவர் விதியைவிட 1,300 குறைவாகவும், இவர் 4,000 அதிகமாகவும் வாங்குகிறார்கள். அந்த 4,000க்கு எழுத்தில் காரணம் இல்லை. சேர்ந்த நாளில் அவர் பேரம் பேசினார், கம்பனிக்கு அவசரமாக ஆள் தேவைப்பட்டது.

இந்த இடத்தில் விளக்கம் சொல்ல முடியாது, ஏனென்றால் விளக்கம் இல்லை. வேலை ஒன்று, பெறுமதி ஒன்று, குறைவாக வாங்குபவர் பெண். சம பெறுமதியான வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்ற சர்வதேச தொழில் அமைப்பின் 100ஆம் சமவாயத்தை இலங்கை 1993இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. "அவர் கேட்டார், நீங்கள் கேட்கவில்லை" என்பது நடந்ததைச் சொல்லும் வாக்கியம், நியாயம் அல்ல.

செய்ய வேண்டியது மூன்று. பெண்ணுடைய சம்பளத்தை உடனே 42,800க்கு உயர்த்துவது முதலாவது. ஆணுடையதைக் குறைக்காமலிருப்பது இரண்டாவது. ஒப்புக்கொண்ட சம்பளத்தை ஒருபக்கமாகக் குறைத்தால் விடயம் தொழில் திணைக்களத்துக்குப் போகும். அதற்குப் பதில், விதி அவரை எட்டும்வரை அவருடைய ஏற்றத்தை நிறுத்தி வைக்கலாம். ஆனால் 45,000 ரூபாவுக்கு அவர் பன்னிரண்டாம் படியை நெருங்கி நிற்கிறார், விதிப்படி ஐந்தாம் படி. ஏழு ஆண்டு ஏற்றமே இல்லாமல் எவரும் இருக்கமாட்டார். ஆகவே நல்ல வேலைக்கு ஆண்டிறுதியில் ஒருமுறைத் தொகை கொடுத்து, அடிப்படைச் சம்பளத்தை மட்டும் நிறுத்தி வைப்பது நடைமுறைக்கு ஏற்றது.

மூன்றாவது, மிகுதி 2,200 ரூபாவைப் பற்றி உண்மை பேசுவது. ஆண்டுக்கு 600 வீதம் போனால் பெண் அவரை எட்ட நான்கு ஆண்டு ஆகும். அந்த நான்கு ஆண்டை இரண்டாகக் குறைக்க, ஆண்டுக்கு இரண்டு படி வீதம் அவருக்கு ஏற்றம் கொடுத்தால் மேலதிகச் செலவு அதிகமல்ல. அவருக்குக் கொடுக்கும் கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை:

"உங்கள் வேலை இரண்டாம் தரம், 38,000 முதல் 50,000 வரை. எட்டு ஆண்டுச் சேவைக்கு உங்கள் இடம் 42,800. இதுவரை 1,300 ரூபா குறைவாகக் கொடுத்தோம், இந்த மாதம் முதல் திருத்துகிறோம். இதே வேலையில் உங்களைவிட அதிகம் பெறுபவர் இருக்கிறார். அது வேலையின் வித்தியாசத்தால் வந்ததல்ல, ஆட்சேர்ப்பின்போது விதி இல்லாததால் வந்தது. இரண்டு ஆண்டுக்குள் அதைச் சரிசெய்வோம். இனிச் சேருபவர் எவருக்கும் இதே விதி."

கடைசி வரி இல்லாவிட்டால் மேலே சொன்ன எதற்கும் பயனில்லை. அடுத்த அவசரத்தில் இன்னொருவரைப் பேரம் பேசிச் சேர்த்தால் இந்தக் கணக்கை மீண்டும் தொடக்கத்திலிருந்து போட வேண்டியிருக்கும். விதிக்கு மேல் கொடுத்து ஆள் எடுக்க வேண்டிய நிலை அடிக்கடி வந்தால், அளவுத்திட்டத்தின் நடுத்தொகை சந்தைக்குக் கீழே போய்விட்டது என்று அர்த்தம். அப்போது மாற்ற வேண்டியது ஒரு ஆளின் சம்பளத்தையல்ல, தரத்தை.

தாளுக்கு வெளியே நிற்பவர்கள்

துறைமுகப் பகுதியில் எந்த அளவுத்திட்டத்திலும் இல்லாத ஒரு கூட்டம் உண்டு. மேன்பவர் முகவர் மூலம் வருபவர்கள். நிரந்தர உதவியாளுக்குப் பக்கத்தில் நின்று அதே மூட்டையைத்தான் தூக்குகிறார்கள். அவர்களுடைய சம்பளம் கம்பனியின் சம்பளப் பட்டியலில் வராது, முகவரின் பற்றுச்சீட்டில்தான் வரும். "அவர்கள் எங்கள் ஊழியர் அல்ல" என்பது காகிதத்தில் சரி, களத்தில் ஒருவரும் அதை விளக்கமாக ஏற்பதில்லை.

புள்ளி முறையை நேர்மையாகப் பயன்படுத்தினால் இதற்கும் பதில் வரும். 27 புள்ளி வேலைக்குத்தான் போடப்பட்டது. யார் சம்பளச் சீட்டை எழுதுகிறார் என்பது நான்கு அளவுகோல்களிலும் இல்லை. ஆகவே முகவருடன் செய்யும் ஒப்பந்தத்தில் ஊழியரின் கைக்குப் போகும் அடிப்படைச் சம்பளம் முதலாம் தரத்தின் தொடக்கத்துக்குக் குறையக்கூடாது என்றும், சேமலாப நிதி செலுத்திய பற்றுச்சீட்டை மாதந்தோறும் காட்ட வேண்டும் என்றும் ஒரு வாசகம் சேர்க்கலாம். இதனால் முகவருக்குக் கொடுக்கும் தொகை கூடும். கூடும் தொகையைப் பார்த்த பிறகுதான் சில முதலாளிகளுக்கு, இந்த ஏற்பாட்டில் தாங்கள் மிச்சப்படுத்தியது எங்கிருந்து வந்தது என்பது புரியும்.

ஊழியர் பக்கத்தில் நிற்பவருக்கும் இந்தத் தாள் உதவும். சம்பளம் கூட்டித் தாருங்கள் என்று கேட்பதைவிட, என் வேலை எந்தத் தரம், அதன் தொடக்கமும் முடிவும் எவ்வளவு, நான் எந்தப் படியில் நிற்கிறேன் என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூன்றுக்கும் எண்ணால் பதில் கிடைத்தால் அங்கே அளவுத்திட்டம் இருக்கிறது. அதைப்பற்றி வாதாடலாம், பிழை இருந்தால் காட்டலாம். "பார்ப்போம்" என்று பதில் வந்தால், உங்கள் சம்பளம் நீங்கள் சேர்ந்த நாளில் பேசிய பேச்சின் மிச்சம் மட்டுமே.